எண் சரி, ஒப்பீடு தவறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிறுவனங்கள் தங்கள் பொருளைப் போட்டியாளரின் பொருளோடு ஒப்பிட்டு எழுதுவதை நம்பக் கூடாது என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது. பவர் பேங்க் தயாரிக்கும் நிறுவனத்துக்கு அத்தகைய ஒப்பீடுகளை எழுதுவதே என் வேலை. பொய்யே சொல்லாமல் அநியாயம் செய்துவிட முடியும் என்பதை என் பழைய பதிவு ஒன்றைத் திருத்தும்போதுதான் உணர்ந்தேன்.

அதில் எங்கள் பவர் பேங்கின் கொள்ளளவு 20,000 எம்ஏஎச், போட்டியாளருடையது 12,000 என்று போட்டிருந்தேன். இரண்டும் அந்தந்தப் பொருளின் மேலேயே அச்சிட்ட எண்கள்தான். ஆனால் எங்களுடையது உள்ளே இருக்கும் பேட்டரியின் அளவு, 3.7 வோல்ட்டில் சொல்வது. அவர்களுடையது 5 வோல்ட்டில் வெளியே கிடைக்கும் அளவு. அவர்கள் பேட்டரியும் 20,000தான். அது பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருந்தது.

3.7 வோல்ட்டில் 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் மணி. அதையே 5 வோல்ட்டுக்கு மாற்றினால் 14,800தான் வரும். மாற்றும்போது வெப்பமாகக் கொஞ்சம் வீணாவதால் இன்னும் குறையும். இரண்டையும் முழுக்க சார்ஜ் செய்து, 5 வோல்ட், 2 ஆம்பியரில் காலியாகும்வரை அளந்தோம். எங்களுடையது 12,600 கொடுத்தது, அவர்களுடையது 12,000. என் பதிவில் பெரும் பள்ளமாகத் தெரிந்த வித்தியாசம் உண்மையில் ஐந்து சதவீதம்! அந்த ஐந்து சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டேன், அளந்த முறையையும் தேதியையும் சேர்த்து. சோதித்தது ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று என்பதையும் எழுதினேன்.

இன்னொரு குற்றம் அட்டவணையின் காலிக் கட்டம். 'விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம்' என்ற வரியில் எங்களுக்கு டிக் போட்டுவிட்டு, அவர்கள் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். விசாரிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். வாசகருக்கோ அது 'முடியாது' என்று தோன்றும். பொதுவான விமான வரம்பு 100 வாட் மணி. இரண்டுமே 74தான். இருவருக்கும் பொதுவானது ஒருவரின் சிறப்பாகாது என்பதால் அந்த வரியையே எடுத்துவிட்டேன்.

அவர்களுடையது எடை குறைவு, வேகமாகவும் நிரம்பும். பையின் எடைதான் முக்கியம் என்றால் அதையே வாங்குங்கள் என்று எழுதினேன். அலுவலகத்தில் எதிர்ப்பு வந்தது, நான் விடவில்லை. எங்கள் உத்தரவாதம் இரண்டு ஆண்டு, அவர்களுடையது ஓராண்டு. எங்களுக்குச் சாதகமாக அழுத்திச் சொல்ல அது இருக்கிறதே, அதைத்தான் தலைப்பாக்கினேன். முதல் வரியிலேயே 'இதை எழுதுவது இவற்றில் ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனம்' என்றும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது, இரண்டு எண்களும் எந்த வோல்ட்டில் சொல்லப்பட்டவை என்று பார்க்கவும் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒப்பீடு எழுதும் ஒரு வாசகர்