பச்சைக் குறி சாம்பல் நிறமாகும்போது

அன்பு மகள் கயலுக்கு,

நெடுஞ்சாலையில் போகும்போது டேஷ்போர்டில் உள்ள ஸ்டீயரிங் குறி ஒரு நேரம் பச்சையாகவும் ஒரு நேரம் சாம்பல் நிறமாகவும் மாறுகிறதே, காரில் ஏதேனும் பழுதா என்று கேட்டிருந்தாய். பழுதில்லை. பழுதாக இருந்தால் பெரும்பாலும் மஞ்சள் குறி எரியும். திரையில் ஒரு செய்தியும் வரும். அந்தக் குறி, கார் தடத்தை விட்டு விலகாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பி உதவும் வசதிக்கானது. சாம்பல் நிறம், அந்த வசதியை நீ இயக்கி வைத்திருக்கிறாய், ஆனால் இந்த நொடியில் அது வேலை செய்யவில்லை என்பதைக் காட்டுகிறது. பச்சை, அது வேலை செய்கிறது அல்லது வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. சில நிறுவனங்கள் சாம்பலுக்குப் பதிலாக வெள்ளையைக் காட்டுகின்றன என்பதால், உன் காரின் கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒரு முறை பார்த்துவிடு.

தடத்துக்குள் காரை வைத்திருக்கும் வசதிக்கு, முன்கண்ணாடியின் மேற்புறம் உள்ள கேமராதான் கண். சாலையில் தீட்டியிருக்கும் கோடுகளை அது பார்த்தால்தான் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியும். கோடு அழிந்திருந்தாலும், புதிதாகத் தார் போட்டுக் கோடு தீட்டாமல் விட்டிருந்தாலும், மழைநீர் தேங்கி விளக்கொளியில் பளபளத்தாலும், மாலை வெயில் நேரே கண்ணாடியில் அடித்தாலும் குறி சாம்பலாகிவிடும். நீ இண்டிகேட்டர் போட்டுத் தடம் மாறும்போதும் அப்படியே. கோட்டைத் தாண்டப் போகையில் மட்டும் திருப்பிவிடும் வகை, பல கார்களில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே வேலை செய்யாது. ஆகவே ஊருக்குள் அது சாம்பலாக இருப்பது இயல்பே.

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்: முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கட்டுப்பாடு வேறு, ஸ்டீயரிங் உதவி வேறு. ஸ்டீயரிங் உதவி நின்றாலும் குரூஸ் தொடரலாம். குரூஸை 100-இல் வைத்து, இரண்டு குறிகளும் பச்சையாக எரிய, நீ போய்க்கொண்டிருப்பதாக வைத்துக்கொள். மேம்பால வேலைக்காகச் சாலையை ஒரு பக்கமாக வளைத்து விட்டிருக்கிறார்கள். பழைய கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள், புதியது இன்னும் தீட்டப்படவில்லை. ஸ்டீயரிங் குறி சாம்பலாகிறது, பல கார்களில் ஒலிகூட எழுப்பாமல். குரூஸ் குறியோ பச்சையாகவே இருக்கிறது. காரும் அதே வேகத்தில் ஓடுகிறது. ஒரு பச்சையைப் பார்த்துவிட்டுக் கார் வளைவில் தானே திரும்பும் என்று இருந்துவிட்டால், அது நேராகத் தடுப்பை நோக்கிப் போகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறாய். குறியைக் கவனித்த பிறகு ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம் என்பதற்கு அங்கே நேரம் இல்லை. ஆரஞ்சுக் கூம்புகளோ வேலை நடப்பதாகக் கூறும் பலகையோ கண்ணில் பட்ட உடனே, குறி என்ன நிறத்தில் இருந்தாலும், பிரேக்கைத் தொட்டு குரூஸை விடுவித்துவிடு.

பிரேக்கைத் தொட்டதும் குரூஸ் குறியும் சாம்பலாகும். ஆனால் பல கார்களில் நீ வைத்த 100 நினைவில் அப்படியே இருக்கும். பிறகு ஊருக்குள் 40-இல் போகையில், குரூஸை மறுபடி தொடங்கும் RES பொத்தானை அழுத்தினால், முன்னே வண்டி இல்லையென்றால் கார் மறுபடி 100-ஐ நோக்கிப் பாயும். அங்கே அந்தப் பொத்தானைத் தொடாதே.

மோதல் எச்சரிக்கைக் குறியில் பச்சையைத் தேடாதே. பெரும்பாலான கார்களில் அது சரியாக இயங்கும்போது எதையும் காட்டாது. மஞ்சளாக எரிந்தால் அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது கேமராவையோ ரேடாரையோ சேறு மறைத்திருக்கிறது, அல்லது பழுது. முதலில் முன்கண்ணாடியையும் முன்பம்பரையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்; அதன் பிறகும் போகாவிட்டால் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோ. சிவப்பு எரிந்து ஒலி எழுந்தால் திரையைப் பார்க்காதே, சாலையைப் பார்த்து பிரேக்கை அழுத்து.

குறி எதுவும் காட்டாத அபாயம் ஒன்று உண்டு. முன்னே போகும் கார் திடீரென விலக, அதற்கு அப்பால் விளக்கின்றி ஒரு லாரி நின்றால், ரேடார் அதைத் தாமதமாகவே கணக்கில் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். முன்கார் விலகியதும் பாதை காலி என்று குரூஸ் வேகத்தைக் கூட்டவும் கூடும். நம் நெடுஞ்சாலைகளில் இரவில் ஓரத்தில் நிற்கும் லாரிகளை நீயே அறிவாய். ஆகவே இரவில் முன்வண்டிக்கான இடைவெளியை அதிகபட்சமாக வைத்து, முன்காரைத் தாண்டியும் பார்த்து ஓட்டு. முன்கார் விலகினால் வலது கால் பிரேக்குக்குப் போகட்டும்.

அடுத்த முறை வருகையில் கையேட்டையும் எடுத்து வா. மீதிக் குறிகளை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா