செத்த ஈ

சங்கரன்கோவில்
ஞாயிறு, இரவு

அன்புள்ள பாலு,

ஏழு மாசமாக எழுதவில்லை. காரணம் சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன், நீ பொய்தான் சொல்வாய்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாசம் 14-ஆம் தேதி சங்கரனுக்கு அறுபதாம் கல்யாணம். பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். அவன் மகன் என்னிடம் வந்து, “மாமா, நீங்க எல்லாம் ஹாஸ்டல்ல அப்பாவை வச்சுப் பாட்டுக் கட்டுவீங்களாமே, அது மாதிரி ஒண்ணு வேணும்” என்றான். சும்மா இருந்த சங்கை ஊதிவிட்டான். மூன்று வாரமாக வீட்டில் வேறு பேச்சு இல்லை. நடைப்பயிற்சியில் தொடையைத் தட்டிக்கொண்டே போகிறேன். பால்காரர் என் மனைவியிடம் தனியாக விசாரித்தாராம்.

மெட்டு எது என்று நீ கேட்கவே வேண்டாம். அதே ‘சென்னிகுளநகர் வாசன்’ காவடிச்சிந்துதான். முதலில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்துப் பார்த்தேன். நமக்குத் தெரிந்த பாட்டு பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்ததில் நமக்குப் பல்லவி எங்கே முடிகிறது என்றே புரியவில்லை. காவடிச்சிந்தும் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாதுதான். அசல் தெரியாதவனுக்கு நையாண்டிப் பாட்டு வெறும் பாட்டு. அதனால் ஒரு ஏற்பாடு: என் மருமகள் முதலில் அசலை ஒரு தடவை ஒழுங்காக, பக்தியாகப் பாடுவாள். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டு முடிக்கிற நேரத்தில், அதே சுருதியில் நான் ஆரம்பிப்பேன்.

இந்த மெட்டை அன்று நாம் ஏன் பிடித்தோம் என்று இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. அப்போது கழுகுமலைக்கு நடந்து போகும்போது வாயில் வந்தது, அவ்வளவுதான். இப்போது உட்கார்ந்து தத்தகாரம் போட்டுப் பார்த்தால், அண்ணாமலை ரெட்டியார் கிண்டலுக்கென்றே ஒரு வண்டியைக் கட்டி வைத்துவிட்டுப் போனது போல இருக்கிறது. பார்:

சென்னி குளநகர் வாசன் - தமிழ்
தேறும் அண்ணாமலை தாசன் - செப்பும்
செகமெச்சிய மதுரக்கவி
அதனைப்புய வரையிற்புனை
தீரன் - அயில் வீரன்

முதல் இரண்டு அடி ஆள் யார் என்று நிதானமாக அறிமுகம் செய்கிறது. அப்புறம் ‘தனதன்னன தனதன்னன’ என்று நாலு தடவை மூச்சு விடாமல் ஓட்டம். கடைசியில் பிரேக் போட்ட மாதிரி இரண்டே சின்னச் சொல். ஆளைச் சொல், குற்றத்தை அடுக்கு, தலையில் குட்டு. முப்பது வயதைத் தொடாமலே 1891-இல் போய்விட்ட மனுஷன், நம்மைப் போல் அறுபதிலா வந்து எழுதினார்!

ஆனால் சொல்லை உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சங்கரனின் ‘இதோ வந்துட்டேன்’தான் விஷயம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அவன் மனைவி, மகன், பழைய ஆபீஸ் நண்பர் மூன்று பேரும் தனித்தனியாக அதைத்தான் முதலில் சொன்னார்கள். ஒருவர் மட்டும் சொன்னால் அதை நான் எடுப்பதில்லை, அது பழக்கம் இல்லை, புகார். முதலில் எழுதியது இது: ‘எட்டு மணிக்கெனச் சொல்வான்.’ தாளில் கச்சிதமாக இருந்தது. எழுத்தை எண்ணிப் பார்த்தாலும் சரி. மருமகள் பாடிக் காட்டினாள், ‘சொல்’ என்ற இடத்தில் குரல் முட்டி நின்றுவிட்டது. அசலில் அங்கே ‘வா...சன்’ என்று நெடில் இழுபடுகிறது. நான் அங்கே குறிலை வைத்து, போதாததற்கு ஒற்றால் அடைத்தும் விட்டேன். “மாமா, ல்-லைப் பிடிச்சுக்கிட்டு எப்படி இழுக்க?” என்றாள். நியாயம்தானே.

ஓட்டத்தில் அடுத்த அடி விழுந்தது. ‘குளிக்கின்றதை மறைத்தேயவன்’ என்று போட்டிருந்தேன். ஐந்தைந்து எழுத்தாக அளவு ஒத்துவந்தது, ஆனால் பாடினால் வண்டி குழியில் விழுந்து எழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. ரெட்டியார் அந்த நாலு தடவையும் கனத்தை மூன்றாவது எழுத்தில்தான் வைக்கிறார்: செகமெச், மதுரக், அதனைப், வரையிற். அடுத்த கண்ணியில் வரமே, கழுகா, பதிகோ என்று ஒற்றுக்குப் பதில் நெடில், ஆனால் இடம் அதே மூன்றாவதுதான். என்னுடைய ‘குளிக்’ இரண்டாவதிலேயே கால் ஊன்றிவிட்டது. நீ எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்கு அசை பிரித்துக் கொடுத்தவன், உனக்கு இது அரை நிமிஷ வேலை. எனக்கு ஒரு நோட்டு தீர்ந்தது.

அதன் பிறகு வழியை மாற்றினேன். கடைசிக் குட்டை முதலில் எழுதினேன், பிறகு அதற்கு மேலே ஏறினேன். அவன் போனில் ‘பாலத்தைத் தாண்டிட்டேன்’ என்று சொல்லும்போதே பின்னால் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்குமே, அதுதான் குட்டு. அப்படியானால் முடிவு ‘நீரு’. நெடிலில் தொடங்குகிறது, இழுக்கலாம். மீதி தானாக வந்தது என்று சொல்ல ஆசைதான், ஒன்பது நாள் ஆயிற்று:

எட்டு மணியென்ற ராசன் - மணி
பத்திலும் கட்டிலின் வாசன் - போனில்
இதுதாண்டினேன் அதுதாண்டினேன்
எனும்வேளையில் தலைமேல்விழும்
நீரு - சாட்சி வேறு?

‘வாசன்’ என்ற சொல்லை அசலிலிருந்து அப்படியே பிடுங்கி வைத்திருப்பதைக் கவனித்தாயா? சென்னிகுளத்து வாசன் கட்டில் வாசன் ஆனதில்தான் பாதிச் சிரிப்பு. ‘எப்பவும் படுக்கை’ என்று எழுதினால் அது வசவு, ‘கட்டிலின் வாசன்’ என்றால் பட்டம். நீரு, வேறு இரண்டிலும் ரகரம் றகரம் ஒத்துப்போகாது என்று நீ சிவப்பு மையை எடுப்பாய். வை கீழே. பாடும்போது எந்தக் காதுக்கும் தெரியாது. பத்து மணிக்குக் கட்டிலில் இருப்பவன் எப்போது குளிக்கப் போனான் என்று என் பேரன் கேட்டான். அவனுக்கு மட்டும் பதில் இல்லை.

சரி, இதுவரை சந்தோஷமாக எழுதிவிட்டேன். எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

இரண்டாவது கண்ணிக்கு நம்முடைய பழையதையே தூசி தட்டிப் போடலாம் என்றிருந்தேன். 1986 ஹாஸ்டல் தினத்தில் பாடியது. பர்ஸ் பாட்டு. டீக்கடையில் பில் வரும்போது சங்கரன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு வெளியே போய் மேகம் பார்ப்பானே, அது. நடு வரிகள் எனக்கு மறந்துவிட்டன, முடிவு மட்டும் மறக்கவில்லை. பர்ஸைத் திறந்தால் உள்ளிருந்து விழுவது ‘ஈயே - செத்த ஈயே!’ மெஸ் ஹால் மேஜையைத் தட்டித் தட்டி மூன்று தடவை பாட வைத்தார்கள். நான் எழுதியதிலேயே அதுதான் கச்சிதம் என்று இந்த முப்பத்தொன்பது வருஷமும் மனசுக்குள் பெருமை.

நடு வரிகள் அவன் அக்காவுக்கு ஞாபகம் இருக்குமோ என்று போன வெள்ளிக்கிழமை போனேன். விடுமுறைக்குப் போனபோது அவள் முன்னாலும் பாடியிருக்கிறோம் அல்லவா? அவளுக்கு முழுவதும் ஞாபகம் இருந்தது. வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு வரி விடாமல் சொன்னாள். எழுதிக்கொண்டேன். அப்புறம் வேறு எதையோ பேசுகிற மாதிரி, “அந்த வருஷந்தான் அப்பா ரெண்டு தறியையும் வித்தது. இவன் மெஸ்ஸுக்கு என் கம்மலைத்தான் கொடுத்தேன்” என்றாள். காபி கொண்டுவர உள்ளே போய்விட்டாள். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை, பாலு. ஞாபகத்தில் பக்கத்து அறையில் இருந்ததை எடுத்துக் காட்டினாள், அவ்வளவுதான்.

நமக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. எனக்கு அவன் கஞ்சன், உனக்கும் கஞ்சன், ஹாஸ்டலுக்கே கஞ்சன். லேட்டாக வருகிறவன் நினைத்தால் சீக்கிரம் வரலாம், அதைப் பாடலாம், அவனே அதைச் சொல்லிச் சிரிக்கிறவன். பர்ஸில் இல்லாதவன் நினைத்தால் மட்டும் காசு வந்துவிடுமா? நான் குறிலையும் நெடிலையும் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. ‘ஈயே’ அவ்வளவு அழகாக உட்கார்ந்ததே, அதுதான் கண்ணை மறைத்தது என்று நினைக்கிறேன். சுமாரான வரியாக இருந்திருந்தால் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பேன்.

அந்தக் கண்ணியை எடுத்துவிட்டேன். சம்பந்தி வீட்டாரும் உட்கார்ந்திருப்பார்கள், எப்படியும் பாட முடியாது. ஆனால் மகன் விடவில்லை. “அப்பாவே அந்த ஈப்பாட்டைச் சொல்லுவாரு மாமா, அதைக் கண்டிப்பா வைங்க” என்கிறான். சங்கரன் அதை வீட்டில் சொல்லியிருக்கிறான். எப்படிச் சொன்னானோ, எந்த முகத்தோடு சொன்னானோ, மகனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தறி விற்ற கதை அந்தப் பையனுக்குத் தெரியுமா என்பதும் தெரியவில்லை.

இரண்டாவது கண்ணிக்கு இப்போது கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவதை எடுத்திருக்கிறேன். ‘தலைமேலது தெரியாதென’ என்பது வரை ஓட்டம் சரியாக வந்துவிட்டது, முடிவு மாட்ட மாட்டேன் என்கிறது. ‘கண்ணே’ என்று முடிக்கலாம் என்றால் அது குறிலில் ஆரம்பிக்கிறது. உன்னிடமிருந்து இரண்டு சொல் வேண்டும், இரண்டும் நெடிலில் ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். அன்று மெஸ் ஹாலில் நீ அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாய், ஜன்னல் ஓரம். நான் மேடையில் நின்று தாளைப் பார்த்தே பாடினேன். மூன்றாவது தடவையும் தாளைத்தான் பார்த்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது, யார் யார் என்று தெரியாது. அவன் சிரித்தானா, பாலு? ஞாபகப்படுத்திப் பார். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுது, என்னைச் சமாதானப்படுத்த எதுவும் எழுதாதே.

10-ஆம் தேதிக்குள் பதில் வந்தால் நல்லது. வரும்போது அந்தப் பழைய கஞ்சிராவைக் கொண்டு வா, தோல் கிழியாமல் இருந்தால்.

உன்
ராமு