ஆன்மிகப் பக்க ஆசிரியர்களே, தீபத்துக்கு வருஷா வருஷம் புதுப் பக்கம் வேண்டாம்

தமிழ் நியூஸ் சைட்டுகள்ல ஆன்மிகப் பக்கம் பாக்குற ஆசிரியர்களுக்கும், டெஸ்க்ல உக்காந்து ஸ்டோரி போடுற நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் சைட்டுகளுக்கு எஸ்இஓ வேலை பாக்குறவன். எல்லா பண்டிகையையும் இழுக்காம திருவண்ணாமலை கார்த்திகை தீபத்தை மட்டும் வச்சுப் பேசுறேன், அதுல தான் இந்தக் கூத்து நல்லா தெரியுது. 2023ல தீபம் நவம்பர் 26, 2024ல டிசம்பர் 13, 2025ல டிசம்பர் 3. மூணு வருஷத்துக்கும் நீங்க மூணு புது பக்கம் போட்டீங்க, சில சைட்ல ஒரே வருஷத்துக்கே "எப்போது?", "நேரம் என்ன?", "விளக்கேற்றும் முறை" னு நாலஞ்சு பக்கம். வருஷம் முடிஞ்சதும் யாரும் திரும்பிப் பாக்குறதில்ல.

இதுல என்ன நஷ்டம்னா, 2023 பக்கத்துக்கு நாலு பேர் லிங்க் குடுத்திருப்பாங்க, கூகுளும் அதை நல்ல பக்கம்னு பழகியிருக்கும், அடுத்த வருஷம் நீங்க புது முகவரில போட்டதும் அது பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்குது. தீபத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி தான் தேடல் சூடு பிடிக்கும், புதுப் பக்கம் அதுக்குள்ள மேல ஏறி வர்றதுக்குள்ள தீபமே ஏத்தி முடிச்சிருவாங்க. இதுல பழைய பக்கம் சும்மா இருக்காது, அதுவும் மேல வந்து நிக்கும், தேடி வர்றவர் நவம்பர் 26னு படிச்சுட்டு லீவு போடுவார். உங்க சைட்டோட ரெண்டு பக்கம் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்குது, நடுவுல வாசகர் ஏமாறுறார்.

இது உங்ககிட்ட நடக்குதான்னு கூகுளோட சர்ச் கன்சோல்ல பாத்துரலாம். பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்ல "கார்த்திகை தீபம்" னு க்வெரி ஃபில்டர் போட்டு பேஜஸ் டேபுக்குப் போங்க, ஒரே தேடலுக்கு மூணு வருஷத்து பக்கமும் வரிசையா இம்ப்ரெஷனைப் பங்கு போட்டுட்டு நின்னா அதான் வியாதி.

மருந்து ரொம்ப சிம்பிள். வருஷம் இல்லாத ஒரே முகவரி: `/aanmigam/karthigai-deepam/`. வருஷம் தலைப்புல வரட்டும், முகவரில வேண்டாம். கூகுளே பிளாக் ஃபிரைடே மாதிரி வருஷா வருஷம் வர்ற சேல்களுக்கு இதைத் தான் சொல்லுது, ஒரே யூஆர்எல்லைத் திரும்பத் திரும்ப யூஸ் பண்ணுங்கன்னு. பழைய பக்கங்கள்ல உருப்படியா இருக்கற விஷயத்தை இதுக்குள்ள கொண்டு வந்துட்டு, அந்தப் பழைய முகவரிகளையெல்லாம் நிரந்தரமா திருப்புற 301 ரீடைரக்ட் போட்டு இங்க திருப்பிருங்க. பழைய முகவரி `karthigai-deepam-2024` மாதிரி வருஷத்தோட முடிஞ்சா, என்ஜின்எக்ஸ் சர்வர்ல ஒரு வரி தான்:

```
rewrite ^/aanmigam/karthigai-deepam-20\d\d/?$ /aanmigam/karthigai-deepam/ permanent;
```

தயவு செஞ்சு எல்லாத்தையும் ஹோம் பேஜுக்குத் திருப்பாதீங்க, அந்தப் பக்கமே இல்லன்னு தான் கூகுள் எடுத்துக்கும். ரீடைரக்டையும் அடுத்த மாசமே கழட்டிராதீங்க, குறைஞ்சது ஒரு வருஷம், முடிஞ்சா எப்பவுமே இருக்கட்டும்.

இப்ப அப்டேட் விஷயத்துக்கு வர்றேன், நிறைய பேர் சொதப்புறது இங்க தான். 2024னு இருக்கறதையெல்லாம் ஃபைண்ட் ரிப்ளேஸ்ல 2025 ஆக்கினா முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. 2024 டிசம்பர் 13 வெள்ளிக்கிழமை, அது அப்படியே "2025 டிசம்பர் 13 வெள்ளி" ஆயிரும், தேதியும் தப்பு கிழமையும் தப்பு (அது சனிக்கிழமை). அதை விட மோசம் எது தெரியுமா, 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழைல திருவண்ணாமலைல மண்சரிவு வந்து ஏழு பேர் இறந்தாங்க, அந்த வருஷம் பக்தர்களை மலை ஏற விடல. பழைய பக்கத்துல "மலையேற அனுமதிச் சீட்டு வாங்குவது எப்படி" னு ஒரு பத்தி இருந்து, அதை யாரும் தொடாம தேதியை மட்டும் மாத்தியிருந்தா, அதை நம்பி கிளம்பின ஆள் அங்க வந்து திரும்பிப் போகணும்.

அதனால பக்கத்தை ரெண்டா பிரிச்சு வைங்க. மாறாதது ஒரு பகுதி: கொடியேத்தத்துல இருந்து பத்தாம் நாள் தீபம், விடிகாலைல பரணி தீபம், சாயங்காலம் ஆறு மணிக்கு மலை மேல மகா தீபம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, அஷ்ட லிங்கங்கள். இதை ஒரு தடவை நல்லா எழுதிட்டா போதும். மாறுறதெல்லாம் மேல ஒரு பெட்டிக்குள்ள: தீபத் தேதி, கொடியேத்தம் (2025ல நவம்பர் 24), பௌர்ணமி எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியுது, ஸ்பெஷல் பஸ் ரயில், பார்க்கிங், மலையேற அனுமதி உண்டா இல்லையா. பௌர்ணமியைத் தனியா போடச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, தீபத்தன்னிக்கே பௌர்ணமி இருக்கணும்னு கட்டாயம் இல்ல, 2024ல தீபம் 13ஆம் தேதி, பௌர்ணமி 14 மதியத்துக்கு மேல தான் ஆரம்பிச்சுது, கிரிவலத்துக்குன்னு வர்றவங்க தேடுறது ரெண்டாவது தேதியை. இந்தப் பெட்டில இன்னும் உறுதியாகாத வரிக்கு "அறிவிப்பு வரல" னு போடுங்க, போன வருஷத்துதை விட்டு வைக்காதீங்க.

கண்ணுல படாத இடங்களும் இருக்கு. கூகுள் படிக்கிறதுக்காக கோட்ல வைக்கிற ஈவண்ட் ஸ்கீமால `startDate` பழசாவே கிடக்கும். மெட்டா டிஸ்கிரிப்ஷன் பழசு. போஸ்டர் படத்துக்குள்ளயே "2024" னு எழுதியிருப்பாங்க, பக்கத்துல எல்லாம் மாத்தியாச்சு, வாட்ஸப்ல ஷேர் பண்ணா பழைய படம் பல்லிளிக்கும். படத்துல வருஷமே எழுதாதீங்கன்னு டிசைனர்கிட்ட சொல்லிட்டா அந்தத் தலைவலி போயிரும்.

இன்னொண்ணு, உள்ள ஒண்ணுமே மாத்தாம "அப்டேட்டட்" தேதியை மட்டும் புதுசாக்குற வேலை வேண்டாம், சைட்மேப்ல `lastmod` பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சா கூகுள் அதை நம்புறதையே விட்டுரும்.

எப்ப தொடணும்னு கேப்பீங்க. செப்டம்பர் வாக்குல கோயில்ல பந்தக்கால் நடுவாங்க, அதையே அலாரமா வச்சுக்கோங்க, அன்னிக்கு முதல் அப்டேட். விழா நிகழ்ச்சி நிரல் வந்ததும் ரெண்டாவது, பஸ் ரயில் அறிவிப்பு வந்ததும் மூணாவது. அப்பவே ஹோம் பேஜ்ல இருந்து ஒரு லிங்க் குடுங்க. தீபம் முடிஞ்சதும் பக்கத்தைத் தூக்காதீங்க, முடிஞ்ச வருஷத் தேதியைக் கீழ ஒரு சின்ன பட்டியல்ல சேத்துட்டு பெட்டியைக் காலி பண்ணி வைங்க.

இதுக்குன்னு புது ஸ்டோரியே போடாதீங்கன்னு சொல்லல. கொடியேத்தம் நடந்துச்சு, கூட்டம் இவ்ளோ, ரோடு மறிச்சுட்டாங்க, இதெல்லாம் செய்தி, தனிப் பக்கமா தான் போகணும், கூகுள் டிஸ்கவர்ல ஓடுறதும் பெரும்பாலும் அது தான், நிரந்தரப் பக்கத்தை நம்பி டிஸ்கவரை விட முடியாது. அந்தச் செய்தி ஒவ்வொண்ணுல இருந்தும் நிரந்தரப் பக்கத்துக்கு ஒரு லிங்க் போகட்டும், அவ்ளோ தான்.

கணக்குப் பாக்கும்போதும் ஒரு கவனம். டிசம்பரை டிசம்பரோட ஒப்பிட்டா தப்பா வரும், பண்டிகை நகந்துட்டே இருக்கு. தீபத்தோட முடியற 15 நாளை எடுங்க, 2024க்கு நவம்பர் 29 முதல் டிசம்பர் 13, 2025க்கு நவம்பர் 19 முதல் டிசம்பர் 3. சர்ச் கன்சோல் 16 மாச டேட்டா தான் வச்சிருக்கும், அதனால சீசன் முடிஞ்ச வாரமே எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுருங்க.

கடைசியா ஆசிரியர்களுக்கு மட்டும். டெஸ்க்ல இருக்கறவருக்கு இதெல்லாம் தெரியாம இல்ல. ஒரு நாளைக்கு இத்தனை ஸ்டோரின்னு நீங்க எண்ணுறீங்க, பழைய பக்கத்தை ரெண்டு மணி நேரம் உக்காந்து சரி பண்ணா அது அவர் கணக்குல பூஜ்யம், புதுசா 200 வார்த்தை தட்டினா ஒண்ணு, அப்புறம் அவர் எதைச் செய்வார்? நிரந்தரப் பக்க அப்டேட்டையும் ஒரு ஸ்டோரியா எண்ணுங்க, ஒவ்வொரு பண்டிகைப் பக்கத்துக்கும் ஒருத்தர் பேரைப் போட்டு அவர் பொறுப்புன்னு விடுங்க. இந்த வருஷ பந்தக்காலுக்கு முன்னாடி இந்த ஒண்ணை மாத்தினா போதும், மிச்சத்தை டெஸ்க்கே பாத்துக்கும்.