‘பாக்கி இல்லை’ என்பதை எழுதிக் கொடுங்கள்: மும்பை சொசைட்டி கமிட்டிகளில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த தலைவர், செயலாளர், பொருளாளர் நண்பர்களுக்கு,

வணக்கம். சம்பளம் இல்லாமல், அலுவலகம் விட்டு வந்த பிறகு இரவு பத்து மணி வரை சொசைட்டி கணக்கைப் பார்க்கிறவர்கள் நீங்கள். நானும் ஒரு காலத்தில் 3 வருடம் கமிட்டியில் இருந்திருக்கிறேன், அந்தச் சுமை தெரியும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஃபிளாட்டை விற்றுவிட்டுப் போகிறவர் விஷயத்தில் நாம் ஒரு இடத்தில் தொடர்ந்து சறுக்குகிறோம். நான் விற்றபோதுதான் அது எனக்கே புரிந்தது.

27 வருடம் குடியிருந்த ஃபிளாட்டைப் போன டிசம்பர் 10-ம் தேதி சாவி கொடுத்து ஒப்படைத்தேன். பத்திரம் அதற்கு முன்பே பதிவாகிவிட்டது. பொருளாளரிடம் போய், “பாக்கி ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டேன். லெட்ஜரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒன்றும் இல்லை, நீங்கள் நிம்மதியாகப் போங்கள் அண்ணா” என்றார். அவர் சொன்னது அன்றைக்கு உண்மைதான். டிசம்பர் வரைக்குமான மெயின்டனன்ஸ் முழுக்கக் கட்டியிருந்தேன்.

ஆனால் செப்டம்பர் பொதுக்குழுவில் வெளிச்சுவர் பழுதுபார்க்க ஃபிளாட்டுக்கு 30,000 ரூபாய் என்று தீர்மானம் ஆகியிருந்தது. அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் என மூன்று தவணை, ஒவ்வொன்றும் 10,000. முதல் தவணையைக் கட்டிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் அப்போது பில்லே போடவில்லை, அதனால் லெட்ஜரில் அவை இல்லை. பழுதுபார்ப்புக் கணக்கு மெயின்டனன்ஸ் கணக்கோடு சேராமல் தனி நோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஷேர் மாற்றம் கமிட்டிக் கூட்டத்தில் நிறைவேறியது பிப்ரவரி 18-ல். அதுவரை சொசைட்டி ஏட்டில் நான்தான் உறுப்பினர். ஆகவே ஜனவரித் தவணைக்கு என் பெயரில் பில் வந்தது, நான் இல்லாத வீட்டின் கதவிடுக்கில். வாங்கியவர் அதை எடுத்துப் பழைய ஓனருடையது என்று ஓரமாக வைத்திருக்கிறார். ஏப்ரல் பில்லும் பெயர் மாறாமலே வந்ததால் அதையும் அப்படியே வைத்துவிட்டார். ஆகஸ்டு தொடக்கத்தில் அவருக்கு வந்த நோட்டீஸில் 21,575 ரூபாய் பாக்கி என்றிருந்தது.

கணக்கு இதுதான்: இரண்டு தவணை 20,000. வருடத்துக்கு 21 சதவீதத் தனி வட்டியில், ஜனவரித் தவணைக்கு 6 மாதத்துக்கு 1,050, ஏப்ரல் தவணைக்கு 3 மாதத்துக்கு 525. அப்போதிருந்த மாதிரி துணைவிதிகளில் 21 சதவீதம்தான் உச்ச வரம்பு, ஆகவே வட்டி விகிதத்தைத் தப்பு சொல்ல முடியாது. யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. விற்பனை ஒப்பந்தத்தில், சாவி கொடுக்கும் நாள் வரையிலான பாக்கி விற்பவருடையது என்று மட்டும் எழுதியிருந்தோம். தீர்மானம் ஆகி, பில் போடாத தொகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாங்கிய தம்பி நல்லவர். இருந்தாலும் போனில் இரண்டு பேருடைய குரலும் உயர்ந்துவிட்டது. கடைசியில் பிப்ரவரி 18-ஐக் கோடாக வைத்துப் பிரித்துக்கொண்டோம். ஜனவரித் தவணையை வட்டியோடு 11,050 நான் கட்டினேன், ஏப்ரலுக்கான 10,525-ஐ அவர் கட்டினார்.

நண்பர்களே, 1960-ம் வருடத்து மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில், வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்று 2019-ல் சேர்த்த அத்தியாயம் சொல்வது இதுதான்: சொசைட்டிக்குச் சேரவேண்டிய பாக்கி தீர்ந்து, வாங்குகிறவர் விண்ணப்பித்து உறுப்பினராகாத வரை ஷேர் மாற்றம் செல்லாது. அப்படியென்றால் பிப்ரவரி 18-ல் மாற்றத்தை நிறைவேற்றும்போது, ஜனவரித் தவணை நிற்பதைக் கமிட்டிதான் கவனித்திருக்க வேண்டும். தனி நோட்டைத் திறந்து பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன். வாயால் சொல்லாதீர்கள், லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள். “பாக்கி இல்லை” என்ற ஒற்றை வரியும் போதாது. எந்தத் தேதி வரைக்கும் என்று இருக்க வேண்டும். மெயின்டனன்ஸ், தண்ணீர், பார்க்கிங், பழுதுபார்ப்பு என ஒவ்வொரு கணக்கிலும் நிற்பது எவ்வளவு, பூஜ்யமானாலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே, பொதுக்குழுவில் தீர்மானமாகி இன்னும் பில் போடாத தொகை, அது விழப்போகும் மாதம். இந்தக் கடைசி விவரம்தான் என்னை மாட்டிவிட்டது. அது எழுத்தில் கண்முன்னே இருந்திருந்தால் விலை பேசும்போதே 20,000-ஐ யார் தலையில் போடுவது என்று பேசி முடித்திருப்போம். செயலாளர், பொருளாளர் இருவர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால், வாங்குகிறவருடைய வங்கிக்கும் அதே கடிதம் உதவும்.

இன்னொன்று. விற்கிறவர் 15 நாள் முன்னறிவிப்பு கொடுக்கிறார், ஒரிஜினல் ஷேர் சர்டிபிகேட்டையும் உங்களிடம் ஒப்படைக்கிறார். அதற்கு அப்புறம் அவருக்கு ஒரு தகவலும் வருவதில்லை. சர்டிபிகேட்டின் பின்பக்கக் கட்டத்தில் புதியவர் பெயர் ஏறி, கையெழுத்தாகி, அது அவர் கைக்குப் போய்விடுகிறது. பழையவர் பெயர் ‘ஐ’ ரிஜிஸ்டரிலும் ‘ஜே’ பட்டியலிலும் எந்தத் தேதியில் நீக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. சர்டிபிகேட்டை வாங்கும்போது அதன் எண்ணைப் போட்டு ஒரு ரசீது கொடுங்கள். மாற்றம் நிறைவேறிய கூட்டத்தின் தேதியை இரண்டு வரியில் பழையவருக்கும் எழுதுங்கள், புது முகவரிக்கு. முகவரியை அவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் உங்கள் வேலையாகட்டும். பெயர் மாறாத இடைப்பட்ட மாதங்களில் பில் எங்கே போக வேண்டும் என்ற குழப்பம் அதிலேயே தீரும்.

டிரான்ஸ்ஃபர் பிரீமியம் பற்றியும் ஒரு வார்த்தை. அரசின் 2001 ஆகஸ்டு உத்தரவுப்படி மாநகராட்சிப் பகுதியில் அது அதிகபட்சம் 25,000 ரூபாய். டிரான்ஸ்ஃபர் கட்டணம் 500, நுழைவுக் கட்டணம் 100 தனி. இவற்றுக்கு மேல் ‘நன்கொடை’ என்று கேட்பதும், கொடுக்கும் வரை என்.ஓ.சி.யை நிறுத்தி வைப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அது தவறு. ஷேர் மாற்றத்துக்கு சொசைட்டியின் என்.ஓ.சி. தேவையில்லை என்று மாதிரி துணைவிதிகளே சொல்கின்றன. வாங்குகிற பணத்தை வங்கி வழியாக, ரசீது போட்டு வாங்குங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுவீர்களா? பொருளாளர் அந்தத் தனி நோட்டையும் கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும். பில் போடாத தொகைக்கான கட்டத்தையும் சேர்த்துக் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து ஃபைலில் வையுங்கள். அடுத்து விற்கிறவர் வந்து கேட்கும்போது எண்களை நிரப்பி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய உறுப்பினர் ஒருவர்