ஏலத்துல போன நகைக்கு மீதிப் பணம் உண்டு, கேட்டு வாங்குங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல அடகு நகை ஏல அறிவிப்பு பொடி எழுத்துல வருதே, வெறும் லோன் நம்பரா இருக்கும், அந்த வரிசையில போன வருஷம் எங்க சின்னம்மா நம்பரும் இருந்திருக்கு, யாரும் பாக்கல. நோட்டீஸ் பழைய வாடகை வீட்டு விலாசத்துக்குப் போயிடுச்சு. குடியாத்தத்துல ஒரு பைனான்ஸ்ல 3 பவுன் ஆரம் வச்சு 1,20,000 வாங்கினாங்க, வட்டி ஏறி ஏறி 1,48,000 ஆயிடுச்சு.

ஏலத்துல என்ன நடந்துச்சுன்னு நான் கணக்கு வாங்கிப் பாத்தேன். ஆரம் 24 கிராம், ஆனா அடகு சீட்டுல கல்லு, அரக்குன்னு 2 கிராம் கழிச்சு நிகர எடை 22 கிராம்னுதான் போட்டிருக்கு. வைக்கிற அன்னிக்கு இதை யாரும் கவனிக்கிறதில்ல, ஆனா ஏல விலையும் இந்த எடை மேலதான் நிக்குது. அப்ப 22 கேரட் முப்பது நாள் சராசரி கிராம் 9,000ன்னு வச்சு மதிப்பு 1,98,000. அதுல 85 சதவீதத்துக்குக் கீழ விக்கக்கூடாதுங்கிறது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி, அதாவது 1,68,300. ஏலம் எடுக்க வர்றவங்க பெரும்பாலும் நகை வியாபாரிங்கதான், உருக்கி விக்கிறதுல லாபம் நிக்கணும்னு பாக்குறவங்க, அதனால விலை அடிமட்டத்தை ஒட்டியே நின்னுடுச்சு, 1,70,000க்குப் போச்சு. கடன் போக மீதி 22,000.

அந்த 22,000 தன்னால வரல சார், நாலு மாசம் கழிச்சு நாங்க போய்க் கேட்டப்புறம்தான் செக் குடுத்தாங்க. கேக்காம விட்டிருந்தா?

அதே ஆரம் புதுசா வாங்கணும்னா அந்த 9,000 ரேட்டுலயே 24 கிராம், 12 சதவீதம் செய்கூலி சேதாரம், 3 சதவீதம் ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 2,49,000 கிட்ட ஆகும். சின்னம்மா கையில மொத்தமா வந்தது 1,42,000. ஏலத்துக்கு முன்னாடியே வேலூர் லாங் பஜார்ல ஒரு கடையில கேட்டிருந்தா அவங்களே கடனைக் கட்டி மீட்டு, 1,90,000 மாதிரி விலை போட்டு, கையில 42,000 குடுத்திருப்பாங்க. முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா அந்த 20,000 மிஞ்சியிருக்கும்னு நினைச்சா வயிறு எரியுது.

2026 ஏப்ரல் 1க்குள்ள எல்லாரும் கடைப்பிடிக்கணும்னு வந்திருக்கிற புது விதியில முதல் ஏலத்துக்கு அடிமட்ட விலை 90 சதவீதம், ரெண்டு ஏலம் விலை போகலன்னாதான் 85. மீதிப் பணம் ஏலத் தொகை முழுசா வந்த ஏழு வேலை நாளுக்குள்ள குடுக்கணும். இது பேங்க், பைனான்ஸ் கம்பெனிங்களுக்கு. தெரு அடகுக்கடைக்கு 1943ஆம் வருஷ தமிழ்நாடு அடகுக்காரர் சட்டம், அங்க ஒரு வருஷமும் மேல ஏழு நாளும் மீட்க டைம் உண்டு.

நகை போனவங்க ஏலத்துல எவ்வளவுக்குப் போச்சு, எவ்வளவு கழிச்சாங்கன்னு எழுத்துல கேளுங்க. ஆசிரியர் ஐயா, அந்த ஏல அறிவிப்பு பக்கத்துலயே மீதிப் பணம் பத்தி ரெண்டு வரி பெரிய எழுத்துல போடுங்க, எங்க சின்னம்மா மாதிரி ஆளுங்களுக்கு யாராவது படிச்சாவது சொல்லுவாங்க.

ஒரு வாசகர், குடியாத்தம், வேலூர் மாவட்டம்