‘லாக்-இன்: 36 மாதம்’ என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத் துறை, நிதித் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கிளையைக் காலி செய்ய நாம் அனுப்பிய நோட்டீஸைக் கட்டட உரிமையாளர் ஏற்க மறுத்த விவகாரம் உங்களுக்குத் தெரியும். இடத்தைக் காலி செய்யக் கூடாத லாக்-இன் காலம் இன்னும் முடியவில்லை என்கிறார். ஒப்பந்தப்படி அவர் சொல்வது சரி. ஒப்பந்தங்களைப் படித்து நாங்கள் தயாரிக்கும் குத்தகை ஒப்பீட்டு அட்டவணையில்தான் பிழை என்று கூட்டத்தில் பேசப்பட்டது. அதில் இருந்த ‘36 மாதம்’ பிழையல்ல. எந்த நாளிலிருந்து 36 மாதம் என்று எழுத அங்கே இடமில்லை. ஓர் அலுவலகத்துக்கு ஒரு வரி, ஒரு விஷயத்துக்கு ஒரே கட்டம் என்று வடிவம் வகுத்தது நீங்கள். அதை மாற்றித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த ஒப்பந்தத்தையே பாருங்கள். கையெழுத்தானது 2022 ஜனவரி 1. இடம் கைக்கு வந்தது பிப்ரவரி 15. உள்வேலைகளுக்காக மூன்று மாதம் வாடகை கிடையாது என்பதால், வாடகை ஓடத் தொடங்கியது மே 15. லாக்-இன் ஷரத்தில் ‘தொடக்கத் தேதியிலிருந்து 36 மாதம்’ என்று மட்டுமே இருக்கிறது. தொடக்கத் தேதி எது என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. கடைசியில் சேர்த்த இணைப்பில்தான், வாடகை தொடங்கும் நாளே தொடக்கத் தேதி என்று வரையறுத்திருக்கிறார்கள். ‘லாக்-இன்’ என்று தேடிப் பிடித்து எண்ணை மட்டும் எடுப்பவர் கண்ணில் அது படவே படாது. கையெழுத்து நாளிலிருந்து எண்ணினால் லாக்-இன் 2024 டிசம்பர் 31 அன்று முடியும். இணைப்பின்படி முடிவது 2025 மே 14.

அதோடு போகவில்லை. ஆறு மாத நோட்டீஸை லாக்-இன் முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று வேறொரு ஷரத்து சொல்கிறது. சில ஒப்பந்தங்களில் லாக்-இன் ஓடும்போதே நோட்டீஸ் கொடுத்து, இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம். இதில் முடியாது. ஆகவே உண்மையில் வெளியேறக்கூடிய முதல் நாள் 2025 நவம்பர் 14. அட்டவணையைப் பார்த்தவர் நினைத்துக்கொண்டதோ 2024 டிசம்பர் 31. இடையில் பத்தரை மாத வாடகை. ‘லாக்-இன் 36, நோட்டீஸ் 6’ என்ற இரண்டு எண்களையும் ஒழுங்காக எழுதி வைத்தும் நேர்ந்தது இது.

எனவே லாக்-இன் என்ற ஒரு கட்டத்துக்குப் பதிலாக நான்கு கட்டங்கள் கொடுங்கள்: தொடக்கத் தேதி, லாக்-இன் முடியும் தேதி, நோட்டீஸை அதற்குள் கொடுக்கலாமா கூடாதா, வெளியேறக்கூடிய முதல் நாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஷரத்து எண்ணும் பக்க எண்ணும் இருக்கட்டும். சந்தேகம் வந்தவர் மூலத்தைத் திறந்து பார்த்துக்கொள்ள அது போதும்.

வாடகை உயர்விலும் இதே கதிதான். ஒரு கட்டடத்துக்கு ‘15%’, இன்னொன்றுக்கு ‘5%’ என்று இருந்ததும், 15-க்குச் சிவப்பு வண்ணம் பூசி மேலிடத்துக்கு அனுப்பினார்கள். அந்த 15 மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வருவது. 5 ஆண்டுதோறும் வருவது. இரண்டிலும் முதலாண்டு வாடகை 100 என்று வைத்துக்கொண்டால், ஆறு ஆண்டுகளில் முதல் கட்டடத்துக்குக் கட்டுவது 645. இரண்டாவதற்கு ஏறக்குறைய 680. சிவப்பு பூசியதுதான் மலிவு. உயர்வு விகிதத்தை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதும், மொத்தக் காலத்துக்கான தொகையும் வேண்டும். சதுர அடி வாடகையையும் உள்பரப்புக்கு மாற்றியே ஒப்பிட வேண்டும். பொதுப் பகுதிகளையும் சேர்த்த பரப்புக்குச் சதுர அடி வாடகை 100 என்றால், அதில் நாம் பயன்படுத்தும் உள்பரப்பு 70 விழுக்காடே இருக்கும்போது, அது உண்மையில் 143-க்கு நெருக்கம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்களிடம் வருவது மூல ஒப்பந்தத்தின் ஸ்கேன் மட்டும். பிறகு கையெழுத்தான துணை ஒப்பந்தமும், இடம் ஒப்படைத்த கடிதமும் யாரோ ஒருவருடைய மின்னஞ்சலில் கிடக்கின்றன. துணை ஒப்பந்தம் லாக்-இன்னைப் புதிதாகத் தொடங்கி வைத்திருந்தால், மூலத்தை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் விடை தவறாகவே வரும். கிளைக்கு ஒரு கோப்புறை வைத்து எல்லா ஆவணங்களையும் சேர்த்துத் தராமல், ‘இன்று மாலைக்குள் அட்டவணை வேண்டும்’ என்று கேட்பது நியாயமில்லை. கோபமாக எழுதுகிறோம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழி வந்து சேர்வது ஒப்பந்தத்தைப் படித்த எங்கள் தலையில்.

மீண்டும் பணிவாகக் கேட்கிறோம்: லாக்-இன்னுக்கு நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஷரத்து எண், கிளைக்கு முழு ஆவணத் தொகுப்பு. அடுத்த கிளைக்கு நோட்டீஸ் தயாரிக்கும் முன் இதற்கு அனுமதி தாருங்கள். அதுவரை, இப்போதுள்ள அட்டவணையை நம்பி எந்த உரிமையாளருக்கும் தேதி குறித்து எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
குத்தகை ஒப்பந்தங்களைப் படித்து அட்டவணை தயாரிக்கும் பிரிவினர்