லாபம் ஃபண்டுக்கு, நஷ்டம் முதலீட்டாளருக்கு

ஆசிரியருக்கு,

தங்கள் நிதிப் பக்கத்தின் ஓராண்டு வருமானப் பட்டியலில் துறை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகள் முதலிடங்களில் இருப்பதைப் பார்த்துக் கவலையோடு எழுதுகிறேன். ஒரு துறை நன்றாக ஏறிய பிறகுதான் அதன் ஃபண்ட் அந்த இடத்துக்கு வரும். பணமும் அப்போதுதான் குவியும். விற்பது சுலபம் என்பதால் அதே கருப்பொருளில் புதிய ஃபண்டுகளும் அப்போதுதான் வெளியாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபண்டில் முதலில் 10 கோடி இருக்கிறது. முதல் ஆண்டில் 60 சதவீதம் ஏறி 16 கோடியாகிறது. அதைப் பார்த்துப் புதிதாக 84 கோடி வருகிறது. மொத்தம் 100 கோடி. அடுத்த ஆண்டு 30 சதவீதம் சரிவு. யூனிட் மதிப்பு 10-லிருந்து 16-க்குப் போய் 11.20-க்கு இறங்கியிருக்கும். இரண்டு ஆண்டில் 12 சதவீத லாபம் என்று ஃபண்ட் சொல்லும், அது பொய்யும் இல்லை. ஆனால் மக்கள் போட்டது 94 கோடி, மிஞ்சியது 70 கோடி.

துறை நிஜமாகவே வளர்ந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் அந்த வளர்ச்சிக்கான விலையை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். இணையம் உலகையே மாற்றியது. ஆனாலும் தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு 2000-இல் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2015 ஆனது.

எனவே, பட்டியலில் வருமானத்தின் பக்கத்திலேயே, ஃபண்டின் அளவு ஓராண்டுக்கு முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்